காதிலிருந்து எடுத்த பிறகும் திரை கருப்பாகவே இருக்கிறதா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

போன மாதம் கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு அக்கா என் போன் ரிப்பேர் கடைக்கு வந்தார். விடிவதற்கு முன்பே முதுநகர் துறைமுகத்துக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, திருப்பாதிரிப்புலியூர் பக்கம் வீடு வீடாகக் கொடுப்பவர். கையிலிருந்த போனை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, காதுல வச்சிப் பேசிட்டு எடுத்தா போன் செத்துப்போயிடுது. அந்தப் பக்கம் வச்சிட்டாலும் வெளிச்சம் வரமாட்டேங்குது. கேஸ் சிலிண்டர் பதிவு பண்ணப் போன் போட்டா ஒண்ணை அழுத்துன்னு சொல்றாங்க, ஒண்ணு எங்க இருக்குன்னே தெரியல."

இந்தக் குறையோடு வருகிறவர்களில் பாதிப்பேர் ஏற்கெனவே டிஸ்ப்ளே போய்விட்டது என்று முடிவுகட்டிக்கொண்டு வருகிறார்கள். சிலர் டிஸ்ப்ளேவையே மாற்றிவிட்டு, அப்புறமும் தீராமல் வருகிறார்கள். அழைப்பில் இல்லாதபோது திரையும் டச்சும் ஒழுங்காக இருக்கிறது, அழைப்பின்போது மட்டும் கருப்பாகிறது என்றால், டிஸ்ப்ளே பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். திரையை அணைக்கச் சொல்வது வேறு ஒன்று. அதன் பெயர் ப்ராக்ஸிமிட்டி சென்சார், தமிழில் அண்மை உணரி. அது எப்படி முடிவெடுக்கிறது என்று தெரிந்துகொண்டால், அறிகுறியைக் கேட்டவுடனேயே எங்கே கை வைக்கவேண்டும் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

சென்சார் எப்படி முடிவெடுக்கிறது

காதில் வைக்கும் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில், கண்ணாடிக்கு உள்ளே, இரண்டு சின்ன விஷயங்கள் அருகருகே இருக்கின்றன. ஒன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை விட்டு விட்டு அனுப்பும் எல்.இ.டி. இன்னொன்று அந்த ஒளி எதன் மீதாவது பட்டுத் திரும்பி வந்தால் அதை அளக்கும் கண். கன்னம் பக்கத்தில் வந்தால் நிறைய ஒளி திரும்பும், போனைத் தள்ளிப் பிடித்தால் குறைவாகத் திரும்பும்.

ஆனால் ஒரே ஓர் எல்லைக்கோடு வைத்தால் திரை மினுக் மினுக்கென்று அணைந்து அணைந்து எரியும். அதனால் இரண்டு கோடுகள் வைத்திருக்கிறார்கள். மாடித் தொட்டிக்குத் தானாக ஓடும் மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கீழ்க்கோட்டுக்கு இறங்கினால் ஓடும், மேல்கோட்டைத் தொட்டால் நிற்கும், நடுவில் இருக்கும்போது முன்பு இருந்த நிலையே தொடரும். சென்சாரும் அப்படித்தான். திரும்பும் ஒளி மேல்கோட்டைத் தாண்டினால் "அருகில்" என்று சொல்லும். கீழ்க்கோட்டுக்குக் கீழே இறங்கினால்தான் "விலகியது" என்று சொல்லும். நடுவில் நின்றால் கடைசியாகச் சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கும். இந்த நடுப்பகுதியை மறக்காதீர்கள், அக்காவின் போன் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

ஆண்ட்ராய்டில் இந்தச் சென்சாரை எப்போதும் கேட்பதில்லை. அழைப்பு நடந்துகொண்டிருந்து, சத்தம் காது ஸ்பீக்கர் வழியாகப் போகும்போதுதான் கேட்கிறது. பெரிய ஸ்பீக்கரை அழுத்தினாலோ, இயர்போனைச் செருகினாலோ, ப்ளூடூத்துக்கு மாற்றினாலோ, கேட்பதை நிறுத்திவிடும். பொதுவாக 5 செ.மீ.க்குள் ஏதாவது இருக்கிறது என்று சென்சார் சொன்னால் திரை உடனே அணையும். விலகியது என்று சொன்னால் கால் நொடி பொறுத்துப் பார்த்துவிட்டு எரியும்.

முதல் சோதனை: சென்சார்தானா?

வீட்டில் இருக்கும் இன்னொரு போனுக்கு அழையுங்கள். அழைப்பதற்கு முன்பே இயர்போனைச் செருகிவிடுங்கள். இயர்போன் துளை இல்லாத போன் என்றால் ப்ளூடூத் இயர்போன் போதும். போனை மல்லாக்க மேசையில் வைத்து டயல் செய்யுங்கள்.

இயர்போனோடு திரை எரிந்துகொண்டே இருந்து, அதைக் கழற்றியவுடன் கருப்பானால், குற்றவாளி சென்சார் வழிதான். இயர்போன் செருகியிருக்கும்போதும் கருப்பாகிறது என்றால், பக்கத்துப் பட்டனை ஒரு முறை அழுத்திப் பாருங்கள். திரை வந்துவிட்டால் அது வழக்கமான நேரக்கெடுவில் அணைந்த திரை, குறையே இல்லை. அமைப்புகளில் திரை அணையும் நேரம் 15 நொடி என்று இருந்தால் 1 நிமிடமாக மாற்றினால் போதும். பட்டனுக்கும் வரவில்லை, ஆனால் அழைப்பு இல்லாதபோதும் அவ்வப்போது இப்படி ஆகிறது என்றால்தான் டிஸ்ப்ளே, அதன் கேபிள் பக்கம் பார்க்கவேண்டும்.

இன்னொரு துப்பும் உண்டு. வாட்ஸ்அப்பில் வரும் குரல் பதிவைப் போட்டால் திரை கருப்பாகி, சத்தம் சின்னதாகக் காது ஸ்பீக்கரில் மட்டும் வருகிறதா? போனைக் காதில் வைத்துவிட்டீர்கள் என்று வாட்ஸ்அப்பிடம் சொல்வதும் இதே சென்சார்தான். "வாய்ஸ் மெசேஜ் கேக்கவே மாட்டேங்குது" என்று ஸ்பீக்கரை மாற்ற வந்தவர்களை இந்தக் கேள்வி கேட்டே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அறிகுறி: டயல் செய்த நொடியிலேயே கருப்பு

போன் மேசையில் இருக்கிறது, பக்கத்தில் ஒன்றுமில்லை, பச்சைப் பட்டனைத் தொட்டதும் திரை போய்விடுகிறது. சென்சார் எந்நேரமும் "அருகில்" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். திரும்பும் ஒளி நிரந்தரமாக மேல்கோட்டுக்கு மேலேயே இருக்கிறது.

இதை எண்ணாகப் பார்த்துவிடலாம். பிளே ஸ்டோரில் கிடைக்கும் ஏதாவது ஒரு சென்சார் சோதனைச் செயலியில் ப்ராக்ஸிமிட்டியைத் திறந்தால், பெரும்பாலான போன்களில் இரண்டே மதிப்புகள் தெரியும்: அருகில் என்றால் 0, விலகியிருந்தால் 5. சாம்சங் போனில் டயல் செய்யும் இடத்தில் `*#0*#` என்று அடித்து Sensor என்பதைத் தொட்டால் சோதனைப் பக்கம் வரும். ஷாவ்மி, ரெட்மி போன்களில் `*#*#6484#*#*` அடித்தால் வரும். திறந்த வெளியில் மல்லாக்க வைத்தும் 0 என்றே நின்றால், மறைப்பைத் தேடுங்கள்.

மறைப்பு என்றால் முக்கால்வாசி டெம்பர் கிளாஸ்தான். ஓரத்தில் கருப்புப் பட்டை உள்ள கிளாஸில் சென்சார் இருக்கும் இடத்தில் துளையோ தெளிவான இடமோ விட்டிருக்கவேண்டும். ஒரு மாடலுக்கானதை இன்னொரு மாடலில் ஒட்டினால் அளவு பொருந்தும், துளை பொருந்தாது. துளை சரியாக இருந்தும் அந்த இடத்தில் காற்றுக்குமிழி இருந்தால், விட்ட ஒளி குமிழியிலேயே பட்டுத் திரும்பிவிடும். பொருத்தம் சரியில்லாத கிளாஸை இன்னும் இரண்டு நாள் பார்ப்போம் என்று வைத்திருக்காதீர்கள், கீழ் மூலையிலிருந்து மெதுவாக உரித்துவிட்டு எண்ணை மறுபடி பாருங்கள். 5 வந்துவிட்டால் வேலை முடிந்தது. ஃபிளிப் கவரின் மடிப்போ, தடித்த பவுச்சின் மேல் உதடோ சென்சார் மீது நீட்டிக்கொண்டிருந்தாலும் இதே கதைதான்.

அடுத்தது அழுக்கு. நம் ஊரில் இது வெறும் தூசி இல்லை. கடற்காற்றில் வரும் உப்பும் வியர்வையும் முகப்பவுடரும் சேர்ந்து, காது ஸ்பீக்கரின் வலையை ஒட்டி வெள்ளையாக ஒரு படலமாகப் படிந்திருக்கும். காய்ந்த மென்மையான பல் துலக்கும் பிரஷால் போனைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு தட்டிவிடுங்கள். பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை ஒரு துணி முனையில் நனைத்து அந்த இடத்தை மட்டும் துடையுங்கள். போன் மீது நேராக ஊற்றக்கூடாது. குண்டூசியால் நோண்டவும் கூடாது. வலை கிழிந்துபோனால் அழுக்கு நேராக உள்ளேயே போய்விடும்.

அப்புறம், போனை மல்லாக்க வைத்து, மேலே கை நிழல்கூட இல்லாமல் ஒரு முறை அணைத்துப் போடுங்கள். தொடங்கும்போது "எதிரில் ஒன்றுமில்லை" என்ற அடிப்படை அளவைப் புதிதாக எடுத்துக்கொள்ளும் போன்கள் உண்டு. சட்டைப் பைக்குள் இருக்கும்போது அணைந்து எழுந்தால் அந்த அளவு தப்பாகிவிடும். சில போன்களின் சோதனைப் பக்கத்தில் இதற்கென்றே அளவு திருத்தம் செய்யும் பட்டன் இருக்கும். ஆனால் துடைத்த பிறகுதான் அதை அழுத்தவேண்டும். அழுக்கோடு அழுத்தினால் அழுக்கையே சரியான அளவு என்று போன் எழுதிக்கொள்ளும்.

கணினி வைத்திருப்பவர்கள் போனில் யு.எஸ்.பி. டீபக்கிங்கை முன்பே இயக்கி வைத்துவிட்டு, அழைப்பில் திரை கருப்பாக இருக்கும்போது இதைக் கொடுத்துப் பார்க்கலாம்:

```
adb shell "dumpsys display | grep -i proximity"
```

வருகிற வரிகளில் `mProximity=Positive` என்றும் `mScreenOffBecauseOfProximity=true` என்றும் இருந்தால், திரையை அணைத்து வைத்திருப்பது சென்சார்தான் என்று போனே எழுதிக் கொடுத்த மாதிரி.

இதெல்லாம் செய்தும் 0 மாறவில்லை, ஏற்கெனவே டிஸ்ப்ளே மாற்றிய போன் என்றால், என்ன வகை டிஸ்ப்ளே போட்டார்கள் என்று கேளுங்கள். ஓலெட் திரை கொண்ட சில போன்களில் சென்சார் திரைக்கு அடியிலேயே இருக்கிறது. ஓலெட் வழியாக அகச்சிவப்பு ஒளி ஓரளவு ஊடுருவும். விலை குறைவு என்று எல்.சி.டி. நகல் டிஸ்ப்ளே போட்டுவிட்டால், அதன் பின்புற விளக்குத் தகடு ஒளியை மறித்துவிடும். அங்கே துடைத்தும் அளவு திருத்தியும் பயனில்லை, சரியான ஓலெட் போட்டால்தான் தீரும்.

அறிகுறி: தொடக்கத்தில் சரி, காதில் வைத்து எடுத்தால் திரும்புவதில்லை

அக்காவின் போன் இந்த வகை. மேசையில் வைத்து டயல் செய்தால் திரை எரிகிறது. காதில் வைத்தால் அணைகிறது. எடுத்தால் கருப்பாகவே நிற்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் முந்தைய குறைபோலத் தெரியும், ஆனால் இது வேறு. சென்சார் வேலை செய்கிறது, மறைப்பும் முழுதாக இல்லை. இரண்டு கோடுகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

செயலியைத் திறந்தேன். மேசையில் 5. கையால் மூடினேன், 0. கையை எடுத்தேன், 5 வந்தது. சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். அப்புறம் என் கன்னத்தில் அழுத்தி வைத்து எடுத்தேன். 0 என்றே நின்றது. வேட்டி முனையால் அந்த இடத்தை ஒரு துடை துடைத்ததும் 5.

கன்னம் விட்டுச்சென்ற வியர்வையும் எண்ணெயும்தான் பிடித்து வைத்திருக்கிறது என்பது தெரிந்தது. அக்காவின் போனில் புதிதாக ஒட்டிய டெம்பர் கிளாஸும் இருந்தது. அதை உரித்துவிட்டுப் பார்த்தபோது, எத்தனை முறை கன்னத்தில் வைத்து எடுத்தாலும் 5 வந்தது. காசு வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். அங்கேதான் தப்பு செய்தேன். நாலாம் நாள் திரும்பி வந்தார். "காலையில நல்லாருக்கு தம்பி, வெயில் ஏறினா மறுபடியும் அதேதான்."

வெயில் ஏறினால் வியர்வை. அப்படியென்றால் கிளாஸ் போனபிறகும் கொஞ்சம் எண்ணெய்ப் பசைக்கே தடுமாறுகிற நிலையில்தான் சென்சார் இருக்கிறது. நல்ல நிலையில் உள்ள சென்சார் அந்த அளவு பசைக்கெல்லாம் அசையாது. அப்போதுதான் முதல் நாளே கேட்டிருக்கவேண்டிய கேள்வியைக் கேட்டேன். தீபாவளி சமயத்தில் போன் கீழே விழுந்து, வேறொரு கடையில் காம்போ, அதாவது டச்சோடு சேர்ந்த டிஸ்ப்ளே, மாற்றியிருக்கிறார்.

திறந்து பார்த்தேன். ஒளி விடும் பக்கத்துக்கும் வாங்கும் பக்கத்துக்கும் நடுவே கருப்பாக ஒரு சின்ன ரப்பர் இருக்கவேண்டும், உளுந்து அளவுகூட இருக்காது. அது இல்லை. பழைய டிஸ்ப்ளேவோடு ஒட்டிக்கொண்டு போயிருக்கும், புதியதில் எடுத்து மாட்ட மறந்திருப்பார்கள். அந்த ரப்பர் இல்லாவிட்டால், விட்ட ஒளியில் கொஞ்சம் வெளியே போகாமல் கண்ணாடிக்குள்ளேயே பட்டுத் தெறித்து நேராகக் கண்ணுக்குப் போய்விடும். எதிரில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் சென்சாருக்கு ஏதோ இருக்கிற மாதிரி ஒரு கசிவு எப்போதும் இருந்துகொண்டிருக்கும்.

கணக்காகப் போட்டால் இன்னும் தெளிவாகும். இந்த எண்கள் புரிவதற்காக நான் வைத்துக்கொள்பவை, போனுக்குப் போன் மாறும். மேல்கோடு 300, கீழ்க்கோடு 200 என்று வைப்போம். ரப்பர் இருக்கும் நல்ல போனில் வெறுமையாக இருக்கும்போது திரும்பும் ஒளி 100. கன்னத்தில் வைத்தால் 900, திரை அணையும். எடுத்தால் கன்னத்துப் பசை 40 கூட்டி 140 ஆகும். 200-க்குக் கீழே இருப்பதால் திரை எரியும். ரப்பர் இல்லாத போனில் வெறுமையாகவே 180. டயல் செய்யும்போது அது 300-ஐத் தாண்டவில்லை, அதனால் திரை எரிகிறது. காதில் வைத்தால் 900-ஐ மீறிப்போய் அணைகிறது. எடுத்தபிறகு 180-உடன் பசை 40 சேர்ந்து 220. இது 300-க்குக் கீழேதான், ஆனால் 200-க்கு இறங்கவில்லையே. அதனால் கடைசியாகச் சொன்ன "அருகில்" என்பதையே சொல்லிக்கொண்டு நிற்கிறது. துடைத்தால் 180, உடனே விடுதலை. டெம்பர் கிளாஸும் ஒட்டியிருந்தபோது இந்தக் கசிவு இன்னும் கொஞ்சம் கூடியிருந்தது, அவ்வளவுதான். கிளாஸ் குற்றவாளி இல்லை, கூட்டாளி.

அதே மாடலின் பழைய போர்டு ஒன்றிலிருந்து ரப்பரை எடுத்து மாட்டினேன். கண்ணாடியின் உட்புறத்தைத் துடைத்து மூடி, அளவு திருத்தம் செய்தேன். இந்த முறை கன்னத்தை நம்பவில்லை. பக்கத்து டீக்கடையில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் வாங்கி, விரலில் தொட்டு, சென்சார் மீது நன்றாக ஒரு ரேகை பதித்துவிட்டுச் சோதித்தேன். மூடினால் 0, எடுத்தால் 5. பத்து முறை செய்தும் தப்பவில்லை. புது டெம்பர் கிளாஸ் ஒட்டி அதே சோதனையை மறுபடி செய்தபிறகுதான் கொடுத்தேன். அக்கா கடையிலிருந்தே கேஸ் பதிவுக்கு அழைத்து ஒன்றை அழுத்திக் காட்டினார்.

ஆகவே உங்கள் போனில் இந்த அறிகுறி இருந்து, துடைத்தால் சரியாகி, ஓரிரு நாளில் திரும்பி வந்தால், துடைத்துக்கொண்டே காலம் தள்ளாதீர்கள். டிஸ்ப்ளே மாற்றிய கடைக்கே போய், "சென்சார் ரப்பரைப் பழையதிலிருந்து மாற்றிப் போட்டீங்களா?" என்று இந்த வார்த்தையிலேயே கேளுங்கள். போனைத் திறக்கும் வேலைதான், ஆனால் பாகம் வாங்கும் செலவு இல்லை. ஐபோன் X-லிருந்து வந்த முகப்பூட்டு உள்ள ஐபோன்களில் மட்டும் இந்த வேலையை அனுபவம் இல்லாதவரிடம் கொடுக்கவேண்டாம். அவற்றில் பலவற்றில் காது ஸ்பீக்கர் கேபிளோடு சேர்ந்திருக்கும் பாகங்கள் அந்தப் போனுக்கென்றே இணைக்கப்பட்டவை. கேபிள் கிழிந்தால் முகப்பூட்டும் சேர்ந்து போய்விடும்.

அழைப்பு முடிந்த பிறகும் கருப்பு, பவர் பட்டனுக்கும் வரவில்லை

இது தனிக் குறை இல்லை, மேலே சொன்ன இரண்டில் ஒன்றின் தொடர்ச்சி. ஆனாலும் ஆட்களை அதிகம் பயமுறுத்துவது இதுதான், அதனால் விளக்கிவிடுகிறேன்.

அழைப்பு முடிந்ததும் போன் திரையை உடனே எரியவிடாது. இன்னும் காதில்தானே இருக்கிறது, எரியவிட்டால் கன்னம் எதையாவது அழுத்திவிடும் என்று, சென்சார் "விலகியது" என்று சொல்லும்வரை காத்திருக்கும். சென்சார் மாட்டிக்கொண்டிருந்தால் அந்தக் காத்திருப்பு முடிவதே இல்லை.

பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தினால் ஏன் வருவதில்லை? சென்சாரால் அணைந்த திரை நமக்குத்தான் தூங்குகிற மாதிரி தெரியும். போனின் கணக்கில் அது விழித்துக்கொண்டுதான் இருக்கிறது. அதனால் முதல் அழுத்து போனைத் தூங்கவைக்கும், இரண்டாவதுதான் எழுப்பும். அழைப்பு முடிந்துவிட்டிருந்தால், தூங்கப்போகும்போது அந்தக் காத்திருப்பு கைவிடப்படும், எழும்போது திரை வந்துவிடும். எனவே நிதானமாக ஒரு நொடி இடைவெளி விட்டு இரண்டு முறை அழுத்துங்கள். பதற்றத்தில் படபடவென்று அழுத்தினால் கேமரா திறக்கும், சில போன்களில் அவசர அழைப்புக்கான எண்ணிக்கையும் தொடங்கிவிடும்.

அழைப்பு இன்னும் நடந்துகொண்டிருந்தால் இரண்டு முறை அழுத்தினாலும் சென்சாரை மறுபடி கேட்கும். எந்நேரமும் "அருகில்" என்றே சொல்லும் போனில் திரை வராது. நடுவில் மாட்டிக்கொண்ட போன்களில், சென்சார் புதிதாகத் தொடங்குவதால் சில சமயம் வந்துவிடும். வந்தால் உங்களுடையது இரண்டாவது அறிகுறி என்று தெரிந்துகொள்ளலாம்.

அறிகுறி: திரை அணையவே மாட்டேன் என்கிறது

பேசிக்கொண்டிருக்கும்போது கன்னம் பட்டு மியூட் ஆகிறது, எண் பலகை திறந்து பீப் பீப் என்கிறது, அழைப்பு தானாகத் துண்டாகிறது. இது எதிர்ப்பக்கக் குறை: சென்சார் "அருகில்" என்று சொல்வதே இல்லை.

முதலில் போனைப் பிடிக்கும் விதத்தைப் பாருங்கள். கருப்பு முடி அகச்சிவப்பு ஒளியை நிறைய விழுங்கிவிடும். காதோரம் முடி விழுந்திருந்தால், கன்னம் 2 செ.மீ. தள்ளி இருந்தாலும் சென்சாருக்கு ஒன்றும் தெரியாமல் போகலாம். முடியை ஒதுக்கிவிட்டு வைத்தால் அணைகிறதா என்று பாருங்கள். அப்புறம், சில போன்களின் அழைப்புச் செயலி அமைப்புகளில் ப்ராக்ஸிமிட்டி சென்சாருக்கென்று ஒரு பொத்தான் உண்டு. முன்பு திரை கருப்பாகிறது என்று யாரோ அதை அணைத்து வைத்திருப்பார்கள்.

ஒளி வருகிறதா என்று கண்ணாலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. இருட்டறையில் அழைப்பைப் போட்டு, சென்சார் இருக்கும் இடத்தை இன்னொரு போனின் செல்ஃபி கேமரா வழியாகப் பாருங்கள். ஊதா நிறத்தில் ஒரு சின்னப் புள்ளி மினுங்கினால் ஒளி விடும் பக்கம் உயிரோடு இருக்கிறது. தெரியவில்லை என்றால் செத்துவிட்டது என்று உடனே முடிவு செய்யாதீர்கள், அகச்சிவப்பை வடிகட்டிவிடும் கேமராக்கள் நிறைய. டி.வி. ரிமோட்டை அதே கேமராவில் காட்டிப் பாருங்கள். ரிமோட்டும் தெரியவில்லை என்றால் கேமராவை மாற்றவேண்டும்.

குறைந்த விலை போன்களிலும் சாம்சங்கின் ஏ வரிசையில் சிலவற்றிலும் இந்த ஒளி சென்சாரே கிடையாது. அசைவு, தொடுதல் இவற்றை வைத்து மென்பொருளே கணித்துக்கொள்கிறது. வேறு சில போன்களில், காது ஸ்பீக்கரிலிருந்து நமக்குக் கேட்காத மீயொலியை விட்டு, மைக்கில் திரும்பக் கேட்டு அறிகிறார்கள். 2016-இல் வந்த ஷாவ்மியின் மி மிக்ஸும் மீயொலியை வைத்துத்தான் அறிந்தது. இவற்றில் ஊதாப் புள்ளியைத் தேடிப் பயனில்லை. மீயொலி வகையில் ஸ்பீக்கர் வலை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். கணிப்பு வகையில் படுத்துக்கொண்டு அசையாமல் பேசினால் தடுமாறுவது இயல்பு, அதைக் கடையில் சரிசெய்ய முடியாது.

அறிகுறி: திரை எரிகிறது, டச் மட்டும் இல்லை

இதற்குச் சென்சாரைக் குறைசொல்லாதீர்கள். சார்ஜரில் போட்டபடி பேசுகிறீர்களா? மட்டமான சார்ஜரிலிருந்து வரும் மின் இரைச்சல் டச்சைக் குழப்பும். கேபிளைப் பிடுங்கிய நொடியில் டச் வந்துவிட்டால் சார்ஜரை மாற்றுங்கள். திரையில் வியர்வையோ ஈரமோ இருந்தாலும் விரலை அது சரியாக அறியாது. மழையில் நனைந்தபடி பேசுகிறவர்களுக்கும், அக்கா மாதிரி ஈரக்கையோடு வேலை செய்கிறவர்களுக்கும் இது அடிக்கடி வரும். துடைத்தால் போய்விடும்.

"காது ஸ்பீக்கர் பகுதியை மறைக்காதீர்கள்" என்பதுபோல ஓர் அறிவிப்பு திரையில் வந்து டச் நின்றுவிட்டால், அது பைக்குள் தவறித் தொடுவதைத் தடுக்கும் வசதி. அதற்கு மட்டும் சென்சார்தான் காரணம், முதல் அறிகுறிக்குச் சொன்ன வழியே போங்கள்.

ஒரே செயலியில் மட்டும்

சாதாரண அழைப்பில் சரி, வாட்ஸ்அப் அழைப்பில் மட்டும் கருப்பு என்றால் போனைத் திறக்கவேண்டாம். செயலியைப் புதுப்பித்து, போனை ஒரு முறை அணைத்துப் போட்டுப் பாருங்கள்.

சரிசெய்யும்வரை

ஆண்ட்ராய்டின் அணுகல்தன்மை அமைப்புகளில் `Power button ends call` என்று ஒன்று இருக்கிறது. அதை இயக்கிவிட்டால், திரை கருப்பாக இருந்தாலும் பவர் பட்டனை ஒரு முறை அழுத்தி அழைப்பைத் துண்டிக்கலாம். எண் அழுத்தவேண்டிய அழைப்பு என்றால், அழைப்பதற்கு முன்பே இயர்போனைச் செருகிக்கொள்ளுங்கள். நடுவில் திரை போய்விட்டாலும், செருகிய உடனே போன் சென்சாரைக் கேட்பதை நிறுத்திவிடும். ப்ளூடூத் இயர்போன்தான் இருக்கிறது என்றால் அதை முன்பே இணைத்து வையுங்கள், திரை கருப்பான பிறகு இணைக்கப் பட்டன் தேட முடியாது.